ஒரே வயல் மண், இரண்டு ஆய்வகம்: மணிச்சத்து ஒன்றில் ‘அதிகம்’, இன்னொன்றில் ‘குறைவு’. எதை நம்புவது?

குடவாசல்காரன்:
சம்பாவுக்கு நாற்று விட்டாகிவிட்டது, அடியுரம் முடிவு செய்ய வேண்டும். ஐந்து ஏக்கர், களிமண். பத்து இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவத்தில் அரை அடி ஆழம் வெட்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, கலந்து, கால் பங்கிட்டு, அந்த ஒரே மண்ணை இரண்டு பையாகப் பிரித்து இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தேன்.

முதல் ஆய்வகம்: மணிச்சத்து எக்டேருக்கு 26 கிலோ, ‘அதிகம்’. சாம்பல் சத்து 252 கிலோ. கார அமில நிலை 8.2. மணிச்சத்து உரம் இந்தப் போகத்துக்கு வேண்டாம் என்கிறார்கள்.

இரண்டாவது ஆய்வகம்: மணிச்சத்து 5 பி.பி.எம்., ‘குறைவு’. சாம்பல் சத்து 110 பி.பி.எம். ஏக்கருக்கு இரண்டு மூட்டை டி.ஏ.பி. போடச் சொல்கிறார்கள். பத்து மூட்டை என்றால் 13,500 ரூபாய். யாராவது விளக்குங்கள்.

வாய்க்கால் வரப்பு:
இரண்டாவது ஆய்வகம் யாருடையது? உரம் விற்பவர்களுடையது என்றால் அங்கே எல்லா மண்ணும் ‘குறைவு’தான். இதில் ஆராய என்ன இருக்கிறது?

குடவாசல்காரன்:
இல்லை அண்ணே, அவர்கள் உரம் விற்பதில்லை. சோதனை மட்டும்தான்.

பாபநாசம் பட்டதாரி:
இது வெறும் அலகுக் குழப்பம். அரை அடி ஆழ மண் எக்டேருக்கு ஏறத்தாழ 22.4 லட்சம் கிலோ எடை. அதனால் பி.பி.எம்.மை 2.24ஆல் பெருக்கினால் எக்டேருக்குக் கிலோ வந்துவிடும். 5 × 2.24 = 11.2. உரக்கணக்கில் மணிச்சத்தைப் பாஸ்பேட்டாகச் சொல்வார்கள், அதற்கு 2.29ஆல் பெருக்க வேண்டும். 11.2 × 2.29 = 25.6. முதல் ஆய்வகத்தின் 26 வந்துவிட்டது பாருங்கள்! இரண்டு பேரும் ஒரே விடையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். டி.ஏ.பி. வேண்டாம்.

குடவாசல்காரன்:
அடடா, இவ்வளவுதானா! இரண்டு நாளாகத் தூக்கம் இல்லாமல் இருந்தேன்.

ஓய்வுபெற்ற மண்காரர்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பட்டதாரி சொன்ன 2.24 சரி. 2.29 தற்செயலாகப் பொருந்திவிட்டது, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

உங்கள் தாளிலேயே ஒரு சாட்சி இருக்கிறது, சாம்பல் சத்து. 110 × 2.24 = 246. முதல் ஆய்வகம் 252 என்கிறது. இரண்டு சோதனைக்கு நடுவில் இந்த அளவு வித்தியாசம் வரத்தான் செய்யும், இரண்டும் ஒன்றே. முதல் ஆய்வகம் உரமூட்டைக் கணக்கில், அதாவது ஆக்சைடாக எழுதுகிற பழக்கம் உள்ளது என்றால், சாம்பல் சத்தையும் 1.2ஆல் பெருக்கி 295 பக்கம் அல்லவா எழுதியிருக்க வேண்டும்? எழுதவில்லை. ஆகவே மணிச்சத்தையும் தனிமமாகத்தான் எழுதியிருப்பார்கள். 26க்கு எதிரே நிற்பது 11.2 தான். பாதிக்கும் குறைவு.

சாம்பல் சத்து ஒத்துப்போவதால் இன்னொன்றும் தெரிகிறது. பை மாறவில்லை, நீங்கள் மண்ணைப் பிரித்ததும் சரி. சிக்கல் மணிச்சத்துச் சோதனையில் மட்டும் இருக்கிறது. இரண்டாவது தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓல்சன் முறையா, பிரே முறையா?

குடவாசல்காரன்:
ஐயா, பின்பக்கம் பொடி எழுத்தில் ‘பிரே 1’ என்று இருக்கிறது. முதல் தாளில் ‘ஓல்சன்’.

ஓய்வுபெற்ற மண்காரர்:
நினைத்தேன். பிரே 1945இல் வந்த முறை. நீர்த்த அமிலமும் புளோரைடும் கலந்த கரைசலால் மணிச்சத்தை மண்ணிலிருந்து பிரித்தெடுப்பார்கள். அமில மண்ணுக்கு அது அருமையான முறை. புது டெல்டாவில் வல்லம், பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் என்றால் நானே அதைத்தான் கேட்பேன். சுண்ணாம்பு கலந்த மண்ணில் அந்த அமிலத்தைச் சுண்ணாம்பு விழுங்கிவிடும், புளோரைடையும் பிடித்துக்கொள்ளும். மணிச்சத்தை எடுக்கக் கரைசலில் வலு மிஞ்சாது. மண்ணில் இருப்பது வெளியே வராமலே ‘குறைவு’ என்று தாளில் ஏறிவிடும். ஓல்சன் முறையில் சோடா உப்புக் கரைசல், 8.5 கார அமில நிலையில். உங்கள் 8.2 மண்ணுக்கு அதுதான்.

ஒரு சோதனை செய்யுங்கள். உலர்ந்த மண்கட்டி ஒன்றைத் தட்டில் வைத்து, கழிவறை கழுவும் ஆசிட்டில் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம் பட்டதாரி:
ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஆனால் 11.2 என்றே வைத்தாலும், 11 முதல் 22 வரை ‘நடுத்தரம்’ தானே? அவர்கள் ஏன் ‘குறைவு’ என்றார்கள்?

ஓய்வுபெற்ற மண்காரர்:
அந்த 11, 22 ஓல்சன் முறைக்கு வகுத்த எல்லைகள். மரக்கால் அளவை மாற்றிப் படி ஆக்கலாம். பிரே எண்ணை ஓல்சன் எண்ணாக்க அப்படிப் பெருக்கல் கிடையாது, மண்ணுக்கு மண் மாறும். அவர்கள் தங்கள் முறைக்குரிய அட்டவணையில்தான் பார்த்திருக்கிறார்கள். அட்டவணையில் தப்பில்லை, அந்த மண்ணுக்கு அந்த முறையை எடுத்ததுதான் தப்பு.

வேதாரண்யம் கடைமடை:
எனக்கும் இதே கதை. உப்பு அளவு ஒரு தாளில் 0.7, இன்னொன்றில் 2.6. இரண்டிலும் அலகு டெசிசைமன் தான், பெருக்குவதற்கே ஒன்றுமில்லை. எந்த எண்ணால் பெருக்கினால் சரியாகும்?

ஓய்வுபெற்ற மண்காரர்:
ஒருவர் மண்ணுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி அளந்திருப்பார். இன்னொருவர் மண்ணைக் குழம்பாகப் பிசைந்து, அதிலிருந்து உறிஞ்சிய தண்ணீரை அளந்திருப்பார். தண்ணீர் கூடினால் எண் இறங்கும். நெல்லுக்கு 3 என்று புத்தகத்தில் போட்டிருக்கும் எல்லை குழம்பு முறைக்கு உரியது. அதை 0.7க்குப் பக்கத்தில் வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே நாள் எடுத்த மண்ணா?

வேதாரண்யம் கடைமடை:
இல்லை. ஒன்று சித்திரையில், மற்றது மழைக்குப் பிறகு கார்த்திகையில். எது எந்த மாதம் என்றும் எழுதி வைக்கவில்லை.

ஓய்வுபெற்ற மண்காரர்:
அப்படியானால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. கோடையில் உப்பு மேலே ஏறிவிடும்.

குடவாசல்காரன்:
ஆசிட் விட்டேன் ஐயா. மண்கட்டி சர்ரென்று நுரைத்தது. சின்னதாக ஒரு சுக்கான் கல் இருந்தது, அதன் மேல் விட்டபோது சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்கியது. இரண்டாவது ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மீதி மண் இருந்ததாம். ஓல்சன் முறையில் திரும்பச் செய்து தந்தார்கள், கட்டணம் வாங்கவில்லை. 11 பி.பி.எம்.

பாபநாசம் பட்டதாரி:
11 × 2.24 = 24.6. இந்த முறை 2.29ஐத் தொடவில்லை, கவனியுங்கள்.

ஓய்வுபெற்ற மண்காரர்:
26உம் 24.6உம் ஒன்றுதான். டி.ஏ.பி.யை நிறுத்துங்கள். கார மண்ணில் மணிச்சத்தை மேலும் ஏற்றினால் பயிருக்குத் துத்தநாகப் பற்றாக்குறை கூடும். ஆனால் டி.ஏ.பி.யில் தழைச்சத்தும் உண்டு, மூட்டைக்கு 9 கிலோ. அவர்கள் சொன்ன இரண்டு மூட்டைக்கு 18 கிலோ. அதை ஈடுகட்ட ஏக்கருக்கு 39 கிலோ யூரியா. மொத்தத் தழைச்சத்துக் கணக்கில் அதைச் சேர்த்துப் பிரித்துப் போடுங்கள்.

வாய்க்கால் வரப்பு:
சம்பா அறுத்த தாளில் உளுந்து தெளிப்பாரே? தண்ணீர் நிற்கும்போது நெல்லுக்கு மணிச்சத்து இளகிக் கிடைக்கும். காய்ந்த வயலில் உளுந்துக்குக் கிடைக்குமா? எங்கள் பக்கம் பூக்கும்போது 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்காமல் விட்டதே இல்லை.

ஓய்வுபெற்ற மண்காரர்:
நியாயமான கேள்வி. இலைவழித் தெளிப்பை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அடியுரத்தில் மட்டும், ஒரு மா நிலத்துக்கு வழக்கம்போல் டி.ஏ.பி. போட்டு, மற்றதில் போடாமல் விட்டு, இரண்டையும் தனித்தனியாக அறுத்து எடை போடட்டும்.

குடவாசல்காரன்:
வரப்பை ஒட்டிய மூன்றாவது வயல் துண்டை அதற்கு ஒதுக்குகிறேன். தை அறுப்பில் எடை போட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.