புதுப்பிப்பு: திரும்பி வரவேண்டிய 8,400 ரூபா

முன்பு கேட்டது: “மீளளிப்பு வரும் என்று இருந்தேன், 21,600 கட்டச் சொல்லி இறைவரித் திணைக்களத்திலிருந்து மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருக்கிறது. எப்படி?”

2023/24க்கு என் சம்பளம் 9,60,000, நிலையான வைப்பு வட்டி 6,00,000. நிவாரணம் 12 இலட்சம் போக மிச்சம் 3,60,000. அதற்கு 6 வீதம் 21,600. வங்கி வட்டியில் 5 வீதப்படி 30,000 வரி பிடித்துவிட்டது. ஆக 8,400 எனக்குத் திரும்பி வரவேண்டும்.

“வருமானத்தை விடுங்கள், ஏற்கெனவே பிடித்த வரியை வரவு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்” என்றார் வெள்ளவத்தைக் கணக்காளர் அண்ணா. அறிவித்தலைப் பார்த்தால், வருமானமும் வரியும் என் படிவத்தில் உள்ளபடியே. பிடித்த வரிக்கு நேரே மட்டும் பூச்சியம். வைப்பு எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கு, பிடித்த வரியை வங்கி மனைவியின் வரி இலக்கத்தில் பதிந்திருக்கிறது. கையிலிருந்த சான்றிதழிலும் அவ இலக்கம்தான்.

திருத்திய படிவம் போட்டால் போதும் என்றார் ஒரு தம்பி. பாதி சரி. ஆனால் படிவத்தில் பிழை இல்லையே! வங்கி திருத்தாவிட்டால் மறுபடியும் பூச்சியம்தான். மதிப்பீட்டை மறுக்க 30 நாள்தான், அதனால் வங்கிக்காகக் காத்திராமல் மீளாய்வுக் கோரிக்கையைக் கொடுத்துவிட்டேன்.

வங்கி புதுச் சான்றிதழ் தந்துவிட்டது. மீளளிப்பு இன்னும் வரவில்லை. வட்டியில் பாதி மனைவியுடையதுதானே என்று திணைக்களம் கேட்டால் கணக்கே மாறும், அதற்கு யாரிடமாவது பதில் உண்டா?