குழுக் கடன்: அட்டையில் 26 சதவீதம், என் கணக்கில் 37. எது சரி?

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். அம்மா தை மாதம் மகளிர் குழுவில் 30,000 ரூபாய் கடன் எடுத்தார். வாரம் 680 வீதம் 50 வாரம், மொத்தம் 34,000. கடன் அட்டையில் வட்டி 26 சதவீதம்.

கைக்கு வந்ததோ 28,500 தான். ப்ராசஸிங் கட்டணம் ஜிஎஸ்டியோடு 600, காப்பீடு 900 என்று முன்பே பிடித்துவிட்டார்கள்.

எக்செலில் இப்படிப் போட்டேன்:

```
=RATE(50,-680,28500)*52
```

37 சதவீதம் வருகிறது. 28,500க்குப் பதில் 30,000 போட்டால் சரியாக 26. ஆக, அட்டைக் கணக்கில் பிடித்தம் சேரவில்லை. அசல் வாராவாரம் குறைவதால், கைக்கு வராத 1,500 இவ்வளவு ஏற்றிவிடுகிறது.

சென்டர் மீட்டிங்கில் கேட்டால், "30,000க்கு 4,000 தானே வட்டி, நூற்றுக்கு 14 கூட முழுசா வரல" என்கிறார் வசூலுக்கு வரும் தம்பி. (முழுக் கடனும் கடைசி வாரம் வரை நம் கையில் இருந்தால் அது சரி!) கிளையில், காப்பீடு வேறு கம்பெனிக்குப் போகிறது, அதனால் சேராது என்றார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தர வேண்டிய விவரத்தாளை எழுதிக் கேட்டும் வரவில்லை.

விவரத்தாளில் காட்டும் ஆண்டுச் சதவீதத்தில் அந்தக் காப்பீட்டுத் தொகையும் சேர வேண்டுமா, வேண்டாமா?