‘நிமிடத்துக்கு 40 சொல்’: தமிழில் எதை எண்ணுவது?

மதுரை, அச்சக உரிமையாளர்:
வணக்கம். எங்கள் அச்சகத்துக்கு வெளியிடவிருக்கும் அறிவிப்பு இது: “தமிழ்த் தட்டச்சர் தேவை. வேகம் நிமிடத்துக்கு 40 சொல். பேஜ்மேக்கர், இன்டிசைன் தெரிந்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் ரூ.18,000.” சென்ற முறை இதே வரியைப் படித்து வந்த இருவர் வேகத்தை வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருந்தனர். இந்த அளவுக்குப் பொருத்தமான கலைச்சொல் வேண்டும்.

தஞ்சாவூர், தட்டச்சுப் பயிற்றுநர்:
ஆங்கிலத் தட்டச்சில் ஐந்து தட்டல்களை ஒரு சொல்லாகக் கணக்கிடுவது வழக்கம் என்பதால், அந்தக் கணக்கில் 40 சொல் என்பது 200 தட்டல். ‘தொட்டால்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய தட்டச்சுப்பொறி முறையில் கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனியே விழுவதால் ஒன்பது தட்டல், கணினியின் தமிழ்99 விசைப்பலகை முறையில் முதல் டகரத்தின் புள்ளி தானாக வந்துவிடுவதால் ஏழு. இத்தகைய 40 முழுச் சொற்களைக் கேட்டால், பழைய முறையில் 360 தட்டலாகிவிடும். உங்களிடம் வந்த இருவரும் இப்படித்தான் பிரிந்திருப்பார்கள்.

கோவை, மென்பொருளாளர்:
அப்படியானால் கணினியே காட்டும் எழுத்தெண்ணிக்கையை அளவாக வைத்துக்கொள்ளலாமே. அது விசைப்பலகையைச் சார்ந்ததன்று.

தஞ்சாவூர், தட்டச்சுப் பயிற்றுநர்:
சார்ந்ததன்று என்பது சரி. ஆனால் பல செயலிகள் யூனிகோட் குறிகளை எண்ணி ‘தொட்டால்’ என்பதற்கு எட்டு என்று காட்டும். நம் இலக்கணப்படி தொ, ட், டா, ல் என நான்கே எழுத்து. ஆகவே ஒரு நிமிடத்தில் அடிக்கும் எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ‘நிமிட எழுத்து’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ இரண்டு தட்டல் என்று கொண்டால் 200 தட்டல் என்பது 100 நிமிட எழுத்து.

விருதுநகர், தட்டச்சர்:
விசைப்பலகையைத்தான் முதலில் குறிப்பிட வேண்டும். பழைய முறையில் பழகிய எனக்கு ஒரு நேர்காணலில் தமிழ்99 மட்டும் உள்ள கணினியைக் கொடுத்தார்கள்; பத்து நிமிடத்தில் அரைப் பக்கம்கூட முடியவில்லை.

தஞ்சாவூர், தட்டச்சுப் பயிற்றுநர்:
கேட்கப்பட்டது அளவுக்கான சொல்தான் என்றாலும், தங்கள் குறை நியாயமானது. தேர்வுக்கு வருபவர் பழகிய முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

சென்னை, பக்க வடிவமைப்பாளர்:
மென்பொருள் வரியும் தெளிவாக இல்லை. பேஜ்மேக்கர் 7 யூனிகோடை ஏற்காது. அதில் வேலை செய்தவர் பழைய எழுத்துருக் குறியீடுகளில் பழகியிருப்பார். நூலாசிரியர்கள் யூனிகோடில் அனுப்பும் கோப்பைக் குறியீடு மாற்றி ஏற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறுவதுண்டு. அதைச் சரிபார்ப்பது தட்டச்சைவிட நேரம் பிடிக்கும். அந்த வேலையும் ரூ.18,000-க்குள் அடங்குமா? அடங்குமானால் ‘தட்டச்சர்’ என்ற பதவிப் பெயர் போதாது. ‘கணினி அச்சுக்கோப்பாளர்’ என்று எழுதுங்கள்.

மதுரை, அச்சக உரிமையாளர்:
நன்றி. திருத்திய வரி: “கொடுக்கப்படும் பத்தியைப் பழகிய விசைப்பலகையில் 10 நிமிடத்தில் அடிக்க வேண்டும், வேகம் 100 நிமிட எழுத்து, ஒற்று ஓர் எழுத்தாக எண்ணப்படும்.” குறியீடு மாற்றும் வேலையும் உண்டு என்பதால் சம்பளத்தைப் பங்காளியிடம் மீண்டும் பேச வேண்டியுள்ளது. பதவிப் பெயரில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. எங்கள் தெருவில் ‘டிடிபி ஆபரேட்டர்’ என்று எழுதினால்தான் ஆள் வருகிறார்கள்.