கிளைக்கால் கலந்ததும் ஆறுவது குறைந்துவிட்டது: பிராண்டல் எண் கூடினால் நல்லதுதானே?

முரளி, பீன்யா

பெங்களூரு பீன்யாவில் எங்கள் யூனிட்டில் ஒரு ஷெல் அண்ட் டியூப் கூலர் இருக்கிறது. டியூபுக்குள் சில்லர் தண்ணீர், வெளியே ஆற வேண்டிய வெந்நீர். டியூபின் உள்விட்டம் 20 மி.மீ., உள்ளே வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர், சராசரி வெப்பநிலை 10 டிகிரி. போன மாதம் சில்லர்காரர் வந்து உறையாமல் இருக்க 40 சதவீதம் எத்திலீன் கிளைக்கால் கலந்தார். அன்று மாலையே வெந்நீர் 28 டிகிரிக்கு ஆறாமல் 34-இல் நின்றுவிட்டது. பம்ப் அதேதான். கிளைக்காலின் பிராண்டல் எண் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம் என்கிறார்கள். அப்படியென்றால் வெப்பம் நன்றாகத்தானே போக வேண்டும்?

அருண், இறுதியாண்டு

சமன்பாடு `Nu = 0.023 Re^0.8 Pr^0.4`. Nu நுசெல்ட் எண், Re ரெனால்ட்ஸ் எண், Pr நீங்கள் சொன்ன பிராண்டல் எண். நீங்கள் சொன்னபடி Pr கூடினால் Nu கூடியே ஆக வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. தண்ணீருக்கு 10 டிகிரியில் 9.5, உங்கள் கலவைக்கு ஏறத்தாழ 30. மூன்று மடங்கு! 0.4 அடுக்கில் போட்டால் 1.6 மடங்கு லாபம். பிராண்டல் எண் பெரிது என்றால் திரவத்தில் வெப்பம் எளிதாகப் பரவுகிறது என்று அர்த்தம். கூலரில் காற்று தங்கியிருக்கும், வென்ட் திறந்து பாருங்கள்.

ராஜு, பொம்மசந்திரா

தம்பி சொல்வது இருக்கட்டும். முரளி சார், உங்களுக்கு போர் தண்ணீரா? எங்களிடம் இதே கதைதான் நடந்தது. ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்பு படிந்திருந்தது. அந்தப் படிவு ஒன்றே சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 2000 வாட் கடத்தும் தடுப்பைப் போல நடுவில் நின்றது. ஆசிட் கழுவியதும் சரியாகிவிட்டது. நீங்களும் முதலில் டியூபைத் திறங்கள்.

சிவகாமி, ஜாலஹள்ளி

ராஜு சார், சுண்ணாம்பு மாதக்கணக்கில் படியும், ஒரே மாலையில் வராது. முரளி சாரின் சில்லர் சுற்று மூடியது, ஒரே தண்ணீர்தான் சுற்றுகிறது. வெந்நீர் பக்கம் படிந்திருந்தால்கூட கிளைக்கால் கலந்த நாளன்றே குதித்து வந்திருக்காது. எனவே இப்போதைக்கு அதை விடுங்கள்.

அருண், நீங்கள் Pr-ஐ மட்டும் தனியாக ஏற்றிவிட்டீர்கள். பாகுத்தன்மை Pr-இன் மேலே இருக்கிறது, அதே பாகுத்தன்மை Re-இன் கீழேயும் இருக்கிறது. கிளைக்கால் கலந்தால் அது 1.3-லிருந்து சுமார் 3.7 மில்லிபாஸ்கல் நொடிக்கு ஏறுகிறது. Re-யில் 0.8 அடுக்கில் அடிக்கிறது, Pr-இல் 0.4 அடுக்கில் தூக்குகிறது. அடி எப்போதும் பெரிது.

முரளி சாரின் எண்களையே போடுவோம். வெறும் தண்ணீரில் Re 15,300, Nu 126, வெப்பக் கடத்துதிறன் k 0.58. சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் போகிறது என்பதே h. அது `Nu k / D`, D டியூபின் விட்டம், அதாவது சுமார் 3600. கலவையில் Re 5,700-க்கு இறங்கிவிடுகிறது, k-யும் 0.42-தான். அருணின் சமன்பாட்டிலேயே Re-யால் 0.46 மடங்கு, Pr-ஆல் 1.6 மடங்கு, k-யால் 0.72 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 0.53. பாதி போய்விட்டது. இதற்கு வென்ட்டில் காற்று தேவையே இல்லை.

அருண், இறுதியாண்டு

ஆனால் Pr பெரிது என்றால் வெப்பம் எளிதாகப் பரவும் என்றுதான் வகுப்பில் புரிந்துகொண்டேன்.

சிவகாமி, ஜாலஹள்ளி

அது தலைகீழ். திரவத்தில் இரண்டு விஷயங்கள் பரவுகின்றன: சுவரில் உரசிய இழுப்பும், வெப்பமும். இழுப்பு வெப்பத்தைவிட எத்தனை மடங்கு வேகமாகப் பரவுகிறது என்பதுதான் Pr. 30 என்றால் வெப்பம் மிக மந்தமாக நகர்கிறது, சுவரை ஒட்டிய மெல்லிய படலத்திலேயே வெப்பநிலை சட்டென்று மாறிவிடுகிறது. பாதரசத்தில் நேரெதிர், Pr 0.02-ஐ ஒட்டித்தான். அங்கே வெப்பம் குழாயின் நடுவரை ஓடிவிடுகிறது, இந்தச் சமன்பாடே அங்கே செல்லாது.

அப்படியானால் Pr கூடும்போது Nu ஏன் கூடுகிறது என்று கேட்பீர்கள். ஓட்டம் இல்லாமல் திரவம் தன் k-யை வைத்துக் கடத்துவதைப்போல எத்தனை மடங்கு போகிறது என்பதே Nu. சும்மா நின்றால் அது எவ்வளவு மோசமாகக் கடத்தும் என்பதோடு ஒப்பிடுகிறோம். அதனால் Nu பெரிதாக வந்தால் h பெரிதாக வரும் என்று கட்டாயம் இல்லை. கூலருக்கு வேண்டியது h.

இன்னொன்று. டிட்டஸ், போல்டர் பெயரில் நாம் சொல்லும் இந்தச் சமன்பாடு Re 10,000-க்கு மேல் போட வேண்டியது. முரளி சாரின் கலவை 5,700-இல் நிற்கிறது. அந்த இடத்துக்கு க்னீலின்ஸ்கி 1976-இல் கொடுத்த சமன்பாடு பொருந்தும், Re 3,000-லிருந்து செல்லும். அதில் Nu 92 இல்லை, 78. h சுமார் 1630. பழைய சமன்பாடு 18 சதவீதம் தாராளமாகச் சொல்கிறது.

ராஜு, பொம்மசந்திரா

சரி மேடம், சுண்ணாம்பு என் கவலை, இங்கே அது இல்லை. ஆனால் கணக்கில் உள்ள 3.7 எங்கிருந்து வந்தது? கலப்பவர் 40 என்று சொல்லிவிட்டு 50 ஊற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அளந்தார்களா?

முரளி, பீன்யா

இன்று ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவந்து டிரெயின் காக்கிலிருந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். விரலில் தேய்த்தாலே வழவழப்பு தெரிகிறது. 42 சதவீதம் காட்டுகிறது. மேடம் கணக்குக்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது. பம்ப் வேகத்தை ஏற்றினால் சரியாகாதா?

அருண், இறுதியாண்டு

ஏற்றலாம். க்னீலின்ஸ்கியில் போட்டுப் பார்த்தேன். பழைய 3600 வர வேகம் இரண்டேகால் மடங்கைத் தொட வேண்டியிருக்கிறது. வேகம் இரட்டித்தால் அழுத்த இழப்பு மூன்று மடங்கையும் தாண்டும். அதே பம்ப் தராது. முதலில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிப்பக்கத்து h தெரியாமல் 34 டிகிரிக்கு முழுக்க உள்பக்கம்தான் காரணம் என்று மேடம் சொல்லிவிட முடியுமா?

சிவகாமி, ஜாலஹள்ளி

முடியாது, அது நல்ல கேள்வி. வெளியே h மிகக் குறைவாக இருந்தால் உள்ளே பாதியானாலும் மொத்தத்தில் அவ்வளவாகத் தெரியாது. இங்கே உடனே தெரிந்ததால் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முரளி சார் நான்கு முனை வெப்பநிலையையும் இரண்டு ஓட்டத்தையும் அளக்க வேண்டும். ஒரே கன அளவுக்குக் கலவையின் வெப்பக் கொள்ளளவும் 13 சதவீதத்தை ஒட்டிக் குறைகிறது, அதுவும் 34-க்குள் கலந்திருக்கும்.

ஆனால் மூலக் கேள்வி ஒன்று இருக்கிறது. 7 டிகிரி தண்ணீர் அனுப்பும் சில்லருக்கு மைனஸ் 24 வரை உறையாத கலவை எதற்கு? 25 சதவீதம் போதும்.

ராஜு, பொம்மசந்திரா

அங்கே ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளைக்காலில் இருக்கும் துரு தடுப்பான் அளவுக்கு மீறி நீர்த்தால் வேலை செய்யாது. 25-க்குக் கீழே போனால் பாசியும் கிருமியும் வளரும். 30-க்குக் கீழே நான் போக மாட்டேன்.

முரளி, பீன்யா

எவாப்பரேட்டர் பக்கம் எவ்வளவு கீழே போகிறது என்று சில்லர்காரரிடம் நாளைக்குக் கேட்கிறேன். ஓட்டம் அளக்கும் மீட்டரும் இரவல் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை எண்களைப் போடுகிறேன்.