ஃபெயில்ஓவருக்கு ஒரு சொல்: ‘பதிலேற்பு’ சரிவருமா?

நிமலன், உப்புவெளி

வணக்கம். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு இரண்டு இணைய இணைப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒன்று ஃபைபர், மற்றது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. ஃபைபர் படுத்தால் பெட்டி தானாகவே 4ஜிக்குப் போக வேண்டும், ஃபைபர் எழும்பினால் திரும்பி வர வேண்டும்.

விடுதி வேலையாட்களுக்கு ஒரு பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதப்போய் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். இப்படி மாறுவதைத்தான் ஃபெயில்ஓவர் என்கிறார்கள், அதற்கு ‘தானியங்கு மாற்றம்’ என்று எழுதினேன். முதலாளி வாசித்துவிட்டு, “தம்பி, கரண்ட் போனா ஜெனரேட்டருக்கு மாறுறதும் தானியங்கு மாற்றம்தானே, இது எதைச் சொல்லுது?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். உங்களிடம் நல்ல சொல் இருக்கிறதா?

ரிஸ்வான், கிண்ணியா

நானும் கடையில் இரண்டு இணைப்பு வைத்திருக்கிறேன் தம்பி. இரண்டையும் சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. ஒரு படம் இறக்கினால் ஒரு லைனின் வேகம்தான் வருகிறது. அதற்கு என்ன செய்யலாம்? ‘இரட்டை இணைப்பு’ என்றே எழுதிவிடலாமே.

வசந்தா, உவர்மலை

ரிஸ்வான் தம்பி, நீங்கள் கேட்பது சுமைப் பகிர்வு. இரண்டு லைனும் ஒரே நேரத்தில் வேலை செய்வது அது. நிமலனுடையதில் ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். ஆகவே ‘இரட்டை இணைப்பு’ இரண்டையும் குழப்பிவிடும்.

‘தோல்விமாற்று’ என்றும் யாரும் தொடங்க வேண்டாம். தமிழில் இணைப்பு தோற்பதில்லை. அறும், விழும், படுக்கும். நிமலன், பெட்டி என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாக எழுதுங்கள். வேலை தெரியாமல் சொல் கட்டினால் அது அகராதியில் மட்டும்தான் கிடக்கும்.

நிமலன்

அக்கா, பத்து விநாடிக்கு ஒரு தரம் 8.8.8.8 என்ற முகவரியை மூன்று முறை பிங் செய்யும். மூன்றுக்கும் மறுமொழி இல்லையென்றால் இயல்பு வழியை 4ஜி பக்கம் திருப்பும். மறுமொழி வந்தால் ஃபைபர் பக்கம் திருப்பும். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

போன வாரம் தெருவில் ஜேசிபி கிண்டும்போது ஃபைபர் அறுந்தது. விடுதி முன்மேசையில் இருந்த பிள்ளை போன் எடுத்து, “அண்ணா, நெட் வருது, போகுது, வருது, போகுது. கார்ட் மெஷின்ல பாதியில நிக்குது” என்றாள். பதிவேட்டைத் திறந்தால் இப்படி:

```
19:42:10  8.8.8.8 FAIL  -> eth2
19:42:20  8.8.8.8 OK    -> eth1
19:42:30  8.8.8.8 FAIL  -> eth2
19:42:40  8.8.8.8 OK    -> eth1
```

eth1 ஃபைபர், eth2 4ஜி. இரவு முழுக்க இப்படியே தாவியிருக்கிறது.

கார்த்திக், சென்னை

வெளியே இருக்கிற முகவரியை ஏன் பிங் பண்ணணும்? கேட்வேயை, அதாவது 192.168.1.1ஐப் பிங் பண்ணினா போதுமே. அது எப்பவும் eth1 வழியாத்தான் போகும், இந்தத் தாவல் வராது.

சபேசன், கொழும்பு

கார்த்திக் சொல்வதில் பாதி சரி. கேட்வேயைப் பிங் செய்தால் தாவல் வராதுதான். ஆனால் 192.168.1.1 என்பது அந்த விடுதியின் சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டி. தெருவில் கம்பி அறுந்தாலும் அதற்கு மின்சாரம் இருக்கிறது, லான் கேபிள் இருக்கிறது, கூப்பிட்டால் “ஓம்” என்று சொல்லும். நிமலனுக்கு அன்று நடந்த அறுப்பை அந்தச் சோதனை கண்டுபிடித்தே இருக்காது. நாம் அறிய வேண்டியது கடைசிக் கம்பிக்கு அப்பால் என்ன நிலை என்பதை. அதனால் வெளி முகவரிதான் வேண்டும்.

நிமலனின் தாவலுக்குக் காரணம் வேறு. 19:42:10க்கு ஃபைபர் செத்ததைச் சரியாகக் கண்டது, இயல்பு வழியை 4ஜிக்குத் திருப்பியது. 19:42:20க்குப் போன பிங் எந்த வழியாகப் போனது? இயல்பு வழியாக, அதாவது 4ஜி வழியாக. அது போய்ச் சேர்ந்தது. பெட்டி அதை “ஃபைபர் எழும்பிவிட்டது” என்று எடுத்துக்கொண்டது. ஃபைபரைச் சோதிப்பதாக நினைத்து 4ஜியைச் சோதித்திருக்கிறது.

நிமலன்

அண்ணை, அது பிறகு விளங்கியது. `ping -I eth1 8.8.8.8` என்று மாற்றினேன். தாவல் நின்றது. ஆனால் ஃபைபரைத் திருத்திக் கொடுத்த பிறகும் பெட்டி திரும்பி வரவில்லை. இரண்டு நாள் 4ஜியிலேயே ஓடி டேட்டா முடிந்துவிட்டது. ஃபைபர் பெட்டியில் லாப்டொப்பை நேரே செருகினால் இணையம் வருகிறது. லினக்ஸ் பெட்டி மட்டும் இப்படிச் சொல்கிறது:

```
From 192.168.1.2 icmp_seq=1 Destination Host Unreachable
```

சபேசன்

அந்த 192.168.1.2 யாருடைய முகவரி என்று பாருங்கள். உங்கள் பெட்டியுடையதுதான். வெளியே யாரும் “எட்டவில்லை” என்று சொல்லவில்லை, பெட்டி தனக்குத்தானே சொல்கிறது.

உங்கள் ஸ்கிரிப்ட் 4ஜிக்கு மாறும்போது eth1 வழியான இயல்பு வழியை அழித்துவிடுகிறது, இல்லையா? பிறகு `-I eth1` என்று சொன்னால் லினக்ஸ் eth1இலிருந்து 8.8.8.8க்கு வழி தேடும். வழி கிடைக்காவிட்டால், அந்த முகவரி eth1 கேபிளின் மறுமுனையிலேயே இருக்கிறதாக்கும் என்று எண்ணி, “8.8.8.8 யார்?” என்று அந்த லானுக்குள் கத்தும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஃபைபர் எவ்வளவு நல்லாயிருந்தாலும் சோதனை தோற்றுக்கொண்டே இருக்கும்.

சோதனை முகவரிக்குத் தனியாக ஒரு வழியை ஃபைபரோடு கட்டிவிடுங்கள். அதை ஸ்கிரிப்ட் ஒருபோதும் தொடக் கூடாது:

```
ip route replace 8.8.8.8 via 192.168.1.1 dev eth1
ip route replace blackhole 8.8.8.8 metric 900
ip route replace default via 192.168.8.1 dev eth2 metric 200
```

இப்போது 8.8.8.8க்குப் போகும் பிங் எந்த நிலையிலும் ஃபைபர் வழியாகத்தான் போகும், `-I` தேவையில்லை. இரண்டாவது வரி ஒரு காவல். ஏதாவது காரணத்தால் முதல் வரியின் வழி அழிந்தால் பிங் 4ஜி பக்கம் கசிந்து பொய் சொல்லாமல் அங்கேயே விழுந்துவிடும். 4ஜியின் இயல்பு வழி மெட்ரிக் 200இல் எப்போதும் இருக்கட்டும். ஃபைபரின் இயல்பு வழியை மெட்ரிக் 100இல் வைத்து, அதை மட்டும் சேர்ப்பதும் எடுப்பதும் ஸ்கிரிப்டின் வேலை.

திரும்பி வரும்போது அவசரப்படாதீர்கள். போவதற்கு மூன்று தோல்வி போதும். வருவதற்கு இரண்டு நிமிடமாவது தொடர்ந்து மறுமொழி வர வேண்டும். திருத்துகிறவர்கள் கம்பியை ஒட்டிக்கொண்டிருக்கும்போது லைன் நாலு தரம் வந்து போகும்.

வசந்தா

சபேசன் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். எனக்கு மூன்று விஷயம் தெரிகிறது. முதலாமவர் கடமையில் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் இரண்டாமவர் கடமையை ஏற்கிறார். முதலாமவர் வந்ததும் இரண்டாமவர் ஒதுங்குகிறார். இதற்கு நம்மிடம் ஏற்கெனவே வழக்கு இருக்கிறதே! நீதவான் லீவில் போனால் பதில் நீதவான். அதிபர் மாற்றலாகிப் போனால் பதில் அதிபர். அரசாங்கக் கச்சேரிக்குப் போய் வந்த எவருக்கும் ‘பதில் கடமை’ என்றால் என்னவென்று தெரியும்.

ஆகவே ஃபெயில்ஓவர் பதிலேற்பு. காத்திருக்கும் 4ஜி பதில்வழி. ஃபைபர் திரும்பக் கடமை எடுப்பது மீளேற்பு.

கார்த்திக்

கேட்வே விஷயம் புரிஞ்சது சபேசன் சார், நன்றி. ஆனா அம்மா, தமிழ்நாட்டில் ‘பதில் நீதவான்’ கிடையாது. இங்கே ‘பொறுப்பு நீதிபதி’ன்னுதான் எழுதுவாங்க. எங்களுக்குப் பதில் என்றால் விடை, மறுமொழி. இதில் பிங் வேற இருக்கு. “பதில் வராவிட்டால் பதில்வழிக்கு மாறும்”னு எழுதினா வாசிக்கிறவர் திணறிப்போவார். ‘பொறுப்பேற்பு’ என்று வைக்கலாமே?

வசந்தா

பொறுப்பேற்பு எங்களுக்குப் புதிய அதிபர் மாலை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவது தம்பி. அவர் திரும்பிப் போகமாட்டார். தற்காலிகம் என்ற குறிப்பு அதில் இல்லை, அதுதான் எனக்கு முக்கியம். ஆனால் பிங்கின் ‘பதில்’ மோதுகிறது என்பது சரி. பிங் வருமிடத்திலெல்லாம் ‘மறுமொழி’ என்றே எழுதினால் மோதல் குறையும்.

பிங்குக்கும் சொல் தேட வேண்டும் என்று யாரோ கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1983இல் மைக் மூஸ் அதை எழுதியபோது சோனார் ஒலியை வைத்துத்தான் பெயரிட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் நாங்கள், அந்த ஒலிப்பெயர் எங்களுக்கு அந்நியமில்லை. பிங் அப்படியே இருக்கட்டும்.

சபேசன்

எனக்குப் பதிலேற்பு பிடித்திருக்கிறது. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பதில் நீதவான் வந்தால் வழக்கு நடக்கும், ஆனால் முன்னவர் பாதியில் கேட்டுக்கொண்டிருந்த விளக்கம் தள்ளிப்போகும். இங்கேயும் அப்படித்தான். வெளியுலகுக்குத் தெரியும் முகவரி மாறுவதால், மாறும் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பும் கார்ட் மெஷினின் பரிமாற்றமும் அறுந்து புதிதாகத் தொடங்கும். ‘தடையிலா’, ‘தொடர்’ என்று முன்னொட்டுச் சேர்த்து எழுதினால் அது பொய்யாகிவிடும்.

நிமலன், இன்னொன்று. 8.8.8.8ஐ ஃபைபரோடு கட்டியதால், ஃபைபர் படுத்திருக்கும்போது அந்த முகவரியை விடுதிக்குள் இருக்கும் யாரும் எட்ட முடியாது. விருந்தினர் ஒருவர் தன் போனில் டிஎன்எஸ் ஆக அதையே போட்டிருந்தால், எல்லாருக்கும் இணையம் இருக்க அவருக்கு மட்டும் இராது. யாரும் டிஎன்எஸ்ஸுக்குப் பாவிக்காத ஒரு முகவரியைத் தேடுங்கள். ஒன்றுக்கு இரண்டு வைத்து, இரண்டும் மறுமொழி தராவிட்டால் மட்டும் மாறச் செய்யுங்கள். அந்த ஒரு முகவரியே எங்காவது படுத்துப்போனால் நல்ல ஃபைபரை விட்டு 4ஜிக்கு ஓடக் கூடாது.

ரிஸ்வான்

நானும் இதைக் கடையில் போட்டுப் பார்த்தேன். eth1 கேபிளைப் பிடுங்கினேன், உடனே 4ஜிக்குப் போனது. செருகினேன், வந்தது. சரிதானே சபேசன்?

சபேசன்

லான் கேபிளைப் பிடுங்கினால் பெட்டிக்குக் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் நானா. அறுவது அங்கே இல்லை. சுவரிலிருந்து ஃபைபர் பெட்டிக்கு வரும் மெல்லிய ஒளியிழை வயரைக் கழற்றுங்கள், முனையைத் தொடாமல். லான் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், இணையம் மட்டும் இராது. அதுதான் தெருவில் நடப்பது.

நிமலன்

நேற்றிரவு விருந்தினர் எல்லாரும் படுத்த பிறகு அப்படியே கழற்றிப் பார்த்தேன். அரை நிமிடத்துக்குள் பதில்வழிக்குப் போனது, ஒரு தரமும் தாவவில்லை. திரும்பச் செருகி, ஒளி வந்து, இரண்டு நிமிடத்துக்கு மேலான பிறகு ஃபைபருக்கு வந்தது. முன்மேசைக் குறிப்பில் இப்படி எழுதி ஒட்டியிருக்கிறேன்: “ஃபைபர் அறுந்தால் 4ஜி பதிலேற்கும். அந்நேரம் கார்ட் மெஷினில் பணம் எடுத்துக்கொண்டிருந்தால் ரசீது வந்ததா என்று பார்த்த பிறகே மறுபடி கார்டைப் போடவும்.” முன்மேசைப் பிள்ளை வாசித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கார்த்திக், உங்கள் பக்கத்தில் யாரிடமாவது இந்த வரியைக் காட்டிப் பார்ப்பீர்களா?

கார்த்திக்

அலுவலகத்தில் இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருத்தருக்கு உடனே புரிஞ்சது. இன்னொருத்தர் “யாருக்குப் பதில் சொல்லுது?”ன்னு கேட்டார்.