ஐவி ரேங்க், ஐவி பர்சன்டைல்: தமிழ்ல என்ன சொல்லலாம்?

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். பி.காம் பிள்ளைகளுக்கு ஆப்ஷன் பத்தின பாடம் தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், திங்கக்கிழமைக்குள்ள அச்சுக்குக் கொடுத்தாகணும். ஐவிங்கிற இம்ப்ளைட் வோலடிலிட்டி, ஐவி ரேங்க், ஐவி பர்சன்டைல் மூணுக்கும் சொல் வேணும்.

முருகேசன்: ரேங்க்னா தரவரிசை, பர்சன்டைல்னா நூற்றுமானம், பாடப்புத்தகத்துலயே இருக்கே. ரெண்டும் ஒண்ணைத்தான் சொல்லுது, 50க்கு மேல போனா ஆப்ஷனை வித்துடு, கீழ இருந்தா வாங்கு, அவ்வளவுதான்.

சொக்கலிங்கம்: முதல் சொல்லுக்கு "உள்ளுறை அலைவு". தொல்காப்பியத்துல உள்ளுறை உவமம் இருக்குல்ல, வெளியில பார்த்தா மீனும் நாரையும்தான், சொல்ல வந்த சேதி உள்ளே இருக்கும். ஆப்ஷன் விலையும் அப்படித்தான், சந்தை எவ்வளவு ஆட்டத்தை எதிர்பார்க்குதுங்கிறது பிரீமியத்துக்குள்ள உறையுது. உறு, உறவு, உறை, உறையுள் எல்லாம் ஒரே வேர். பாலை உறைய வைக்கிறதும் அதே வேர்தானாங்கிறதைத் தனியாப் பேசணும்.

ரங்கன்: உள்ளுறை அலைவு எனக்குச் சம்மதம் ஐயா, பால் விஷயத்தை இன்னொரு இழையில வச்சுக்கலாம். ஆனா முருகேசன், ரேங்க்கும் பர்சன்டைலும் ஒண்ணு இல்ல. "தரவரிசை"ன்னு போட்டா பிள்ளைங்க தலைகீழாப் புரிஞ்சுக்கும், ஏன்னா ஐவி ரேங்க்ல வரிசையே கிடையாது. ஒரு வருஷத்துல தொட்ட அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் நடுவுல இன்னைக்கு எவ்வளவு தூரத்துல இருக்கோம்னு பார்க்குது. நாட்களை வரிசைப்படுத்தி எண்ணுறது பர்சன்டைல்தான்.

அமெரிக்கப் பங்குச் சந்தையோட உள்ளுறை அலைவைக் காட்டுற விக்ஸ் குறியீட்டை எடுத்துக்கோங்க. 2024 டிசம்பர் 18 அன்னைக்கு 27.62ல முடிஞ்சது. அதுக்கு முந்தின ஒரு வருஷத்துல முடிவு விலையில அடிமட்டம் 11.86, உச்சம் ஆகஸ்ட் 5ல 38.57.

```
(27.62 - 11.86) / (38.57 - 11.86) = 0.59
```

ரேங்க் 59, ஏதோ நடுத்தரம் மாதிரி தெரியுது. ஆனா அந்த வருஷத்துல அதை விட மேல முடிஞ்சது ஆகஸ்ட் 5, 6, 7 மூணே நாள்தான், அதனால பர்சன்டைல் 98க்கு மேல. ஆகஸ்ட் 5ங்கிற அந்த ஒத்தை நாள் அளவுகோலையே இழுத்து நீட்டிடுச்சு. இன்னொண்ணு, முடிவு விலைய விட்டுட்டு நாள் நடுவுல தொட்ட உச்சம் 65.73ஐயும் அடிமட்டம் 10.62ஐயும் போட்டா அதே ரேங்க் 31 ஆயிடும். ரெண்டு தளத்துல ரெண்டு எண் காட்டுனா முதல்ல இதைத்தான் பார்க்கணும்.

ஃபாரூக்: குறுக்க வரேன், மன்னிக்கணும். ஒரு கம்பெனியோட காலாண்டு நிதி முடிவு வர்றதுக்கு முந்தின நாள் அதோட பங்குல கால் ஆப்ஷன் வாங்குனேன், ரேங்க் 90 சொச்சம். மறுநாள் பங்கு ஏறுச்சு, ஆனா என் ஆப்ஷன் விலை இறங்கிடுச்சு. இதுக்கு ஏதாவது சொல் இருக்கா?

ரங்கன்: முடிவு வந்ததும் எதிர்பார்ப்பு தீர்ந்துடுது, உள்ளுறை அலைவு சரியுது. பங்கு ஏறுன லாபத்தை விட அந்தச் சரிவு பெருசா இருந்திருக்கும். "அலைவுச் சரிவு"ன்னே சொல்லலாம். ரேங்க் உயரத்துல இருக்கும்போது விக்கிறவங்க நம்புறது இந்தச் சரிவைத்தான்.

முருகேசன்: நான் சொன்னதும் அதான! டிசம்பர் 20ல விக்ஸ் 18.36க்கு வந்துடுச்சு, வித்தவன் ஜெயிச்சான்.

ரங்கன்: 2020 பிப்ரவரி 24ஐயும் பாருங்க. விக்ஸ் 25.03, முந்தின ஒரு வருஷத்துல எந்த நாளும் அவ்வளவு உயரத்துல முடியல, ரெண்டு அளவும் 100. அன்னைக்கு வித்தவங்க கண்ணு முன்னாடி மார்ச் 16ல 82.69க்குப் போச்சு. இந்த எண்கள் பழசோட ஒப்பிட்டு உயரமான்னுதான் சொல்லும், வரப்போற ஆட்டத்தை விட பிரீமியம் அதிகமான்னு சொல்லாது. விக்கிறதுன்னா இன்னும் தூரத்து விலையில இருக்கிற ஆப்ஷனையும் வாங்கி நஷ்டத்துக்கு எல்லை கட்டிட்டு விக்கணும். கவிதா, சொல் எதுவானாலும் இதைப் பாடத்துல போடுங்க.

கவிதா: கண்டிப்பா. புள்ளியியல் பாடத்துல ரேஞ்ச்சுக்கு "வீச்சு"ன்னு ஏற்கனவே படிச்சிருப்பாங்க. அப்போ ரேங்க்குக்கு "வீச்சு நிலை", பர்சன்டைலுக்கு "நாள் நூற்றுமானம்"?

சொக்கலிங்கம்: வீச்சு நிலை அருமை. ஆனா நூற்றுமானத்துக்கு முன்னால "நாள்" எதுக்கு? மிகை.

ரங்கன்: இருக்கட்டும் ஐயா, எதை எண்ணுறோம்னு சொல்லிலேயே தெரியுது.

முருகேசன்: நான் ஒத்துக்கல. பையன் திரையில பார்க்கப்போறது `IVR`, `IVP`. வீச்சு நிலைன்னு படிச்சுட்டு அங்க போய் எதைத் தேடுவான்?

கவிதா: சரி, தமிழ்ச் சொல்லைப் போட்டு முதல் இடத்துல மட்டும் திரைப் பெயரையும் காட்டிடறேன். ஃபாரூக் கேட்ட அலைவுச் சரிவு பத்தி இன்னும் யோசிக்கணும், "சரிவு"ன்னாலே பிள்ளைங்க விலை விழுந்ததாத்தான் எடுத்துக்கும். அதுக்கு வேற சொல் தோணுச்சுன்னா ஞாயிறு ராத்திரிக்குள்ள எழுதுங்க.