செயலாளர் கரும்பலகையில் போட்ட போனஸ் கணக்கு

தொடக்கப் பதிவு

எங்கள் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு இந்த வருஷம்தான் முதல்முறையாகப் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவதாக இருந்தவன், செயலாளர் பேச ஆரம்பித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

கரும்பலகையில் ‘8 லட்சம்’ என்று எழுதினார். “இது நிகர லாபம். இதை அப்படியே பங்குபோட முடியாது. முதலில் 2 லட்சம் சேமநிதிக்கு. அப்புறம் பங்குத்தொகைக்கு ஈவு 1 லட்சம். பொதுநல நிதிக்கும் கல்வி நிதிக்கும் சேர்த்து 1 லட்சம். மிச்சம் 4 லட்சம், அதுதான் போனஸ்” என்றார். ஒவ்வொன்றையும் கழிக்கும்போது பழைய எண்ணை அழிக்காமல் குறுக்கே கோடு மட்டும் போட்டதால், கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் பணம் எங்கே போனது என்று தெரிந்தது.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, “எல்லாருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே?” என்றார். செயலாளர் கோபப்படவில்லை. “ஐயா, ஓட்டு என்றால் ஆளுக்கு ஒன்று, அதில் எல்லாரும் சமம். இந்த 4 லட்சம் அப்படி வந்தது இல்லை. வருஷம் முழுக்க நீங்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் அடக்க விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தீர்கள். செலவு போக நின்றதைத்தான் திருப்பித் தருகிறோம். அதிகம் வாங்கியவர் அதிகம் கொடுத்திருக்கிறார், அவருக்கு அதிகம் திரும்புகிறது.”

உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கியது 2 கோடி. 4 லட்சத்தை 2 கோடியால் வகுத்தால் நூற்றுக்கு 2. நான் வாங்கியது 60,000, என் போனஸ் 1,200. பாஸ்புத்தகத்தின் ஓரத்தில் நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. இத்தனை வருஷம் இதை ஏதோ தீபாவளி இனாம் மாதிரி நினைத்து வாங்கிக்கொண்டிருந்தேனே என்று மனசு உறுத்தியது.

பதில்

நானும் ஒரு சங்கத்தில் உறுப்பினர்தான். 10 பங்கு வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே பங்கு. போனஸ் மட்டும் அவருக்கு என்னைவிட மூன்று மடங்கு. உங்கள் செயலாளர் கணக்குப்படி இது அநியாயம் இல்லையா?

பதில்

அவர் கணக்குப்படிதான் இது நியாயம். உங்கள் 10 பங்குக்கு ஈவு தனியாக வந்திருக்கும், அதைப் பாருங்கள். போனஸ் பில் தொகையைத்தான் பார்க்கும், பங்கைப் பார்க்காது. 1844இல் இங்கிலாந்தின் ராக்டேல் ஊரில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடை பேர் வாங்கியதே இதனால்தான்: முதலுக்கு ஓர் அளவோடு வட்டி, மிச்ச லாபம் வாங்கியவர்களுக்கு.

பதில்

எங்கள் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் எண்களிலேயே வைத்துக்கொள்வோம். உறுப்பினர் அல்லாதவர்களும் 50 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் மொத்த விற்பனை 2.5 கோடி. எங்கள் செயலாளர் இந்த மொத்தத்தால் வகுத்தார். அப்போது விகிதம் 1.6 ஆகிவிடும், உங்களுக்கு 1,200க்குப் பதில் 960. எல்லாருடைய போனஸையும் கூட்டினால் 3,20,000தான் வரும். மீதி 80,000 எங்கே? பட்டியலின் கடைசிக் கூட்டல், ஒதுக்கிய தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். நான் எழுந்து கேட்டேன். “அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்” என்று உட்காரவைத்துவிட்டார்கள். பச்சையான ஏமாற்று வேலை.

பதில்

அவசரப்படாதீர்கள். நான் பல வருஷம் சங்கக் கணக்கு எழுதியவன். கூட்டலைப் பார்த்துக் கண்டுபிடித்தது நல்ல வேலை. ஆனால் வெளியாட்கள் வாங்கியதில் வந்த லாபத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது, சேமநிதிக்குப் போகட்டும் என்று வைத்திருக்கும் சங்கங்களும் உண்டு. அங்கே அந்த 80,000 சேமநிதிப் பேரேட்டில் வரவாக நிற்க வேண்டும். நின்றால் அது கொள்கை, எங்கேயும் இல்லை என்றால்தான் உங்கள் சந்தேகம் சரி. துணைவிதியில் ‘உறுப்பினர் கொள்முதல்’ என்று இருக்கிறதா, ‘மொத்த விற்பனை’ என்று இருக்கிறதா என்பதையும் படியுங்கள்.

நான் அதிகம் பார்த்த தவறு இதைவிடச் சின்னது. அவசரத்தில் உறுப்பினர் எண் சொல்லாமல் பில் போட்டுவிடுவார்கள். அந்தக் கொள்முதல் வெளியாள் கணக்கில் ஏறிவிடும். வருஷக் கடைசியில் பில்லும் கையில் இருக்காது, திருத்தவும் வழி இருக்காது.

பதில்

என் கதை அதுதான். வீட்டில் இரண்டு பேரும் உறுப்பினர், ஆனால் கடைக்குப் போவது நான் மட்டும். எல்லாம் என் எண்ணில் ஏறி, என் மனைவிக்குப் போனஸ் பூஜ்யம். பாதியை அவள் எண்ணுக்கு மாற்றித் தரச் சொன்னேன், முடியாது என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்

மாற்றினாலும் வீட்டுக்கு வரும் மொத்தத் தொகை அதேதான், விகிதம் எல்லாருக்கும் ஒன்று. வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

தொடக்கப் பதிவு எழுதியவர்

80,000 விஷயத்தைப் படித்ததும் என் நோட்டைத் திரும்ப எடுத்தேன். எங்கள் கடையில் வெளியாட்களும் வாங்குகிறார்கள். செயலாளர் 2 கோடியால் வகுத்தார் என்றால், அவர்களால் வந்த லாபமும் அந்த 4 லட்சத்துக்குள் இருக்கிறது, நமக்கே வந்திருக்கிறது. துணைவிதிப் பிரதி கேட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.